மட்டக்களப்பு ‘முட்டக்களப்பு’ ஆவது எப்படி?

பாமினி எழுத்துருவில் ஒரு கடிதத்தை ‘மட்டக்களப்பு’ என்று தொடங்கினால், திரையில் ‘முட்டக்களப்பு’ என்று நிற்பது உண்டு. தட்டியவரின் விரல் பிழைக்கவில்லை; எழுத்துருவும் பழுதடையவில்லை. ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட ஒரு விதி தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல் என்று எண்ணித் திருத்தியதன் விளைவு அது. மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும், இலங்கையின் ஏனைய தமிழ்ப் பகுதிகளிலும், அலுவலகக் கடிதம், கல்யாண அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலித் துண்டுப்பிரசுரம் என்று பல வேலைகள் நெடுங்காலம் பாமினியில் நடந்து வந்திருக்கின்றன. ஆகவே இந்த விதிகள் எப்படி வேலை செய்கின்றன, அவற்றை எங்கே நிறுத்துவது, திருத்தப் பட்டியலை எப்படி மாற்றுவது என்பன இங்கே ஒழுங்காக விளக்கப்படுகின்றன.

ஆட்டோகரெக்ட் செய்யும் வேலை

ஆட்டோகரெக்ட் என்பது தட்டும்போதே எழுத்தை மாற்றும் வசதி. மைக்ரோசொஃப்ட் வேர்ட்டில் இது 1993இல் வந்த 6.0 பதிப்பில் அறிமுகமானது. இதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் டீன் ஹச்சமோவிச். ‘teh’ என்று அவசரத்தில் தட்டியதை ‘the’ என்று மாற்றுவதே அதன் தொடக்க காலத்து எடுத்துக்காட்டு. எழுத்துப்பிழை சோதிப்பான் பிழையின் கீழே சிவப்புக் கோடு போட்டுவிட்டு, முடிவை எழுதுபவரிடம் விட்டுவிடும். ஆட்டோகரெக்ட் கேட்காமலே மாற்றிவிடும்.

எப்போது மாற்றுவது என்பதற்கு அது ஓர் எளிய அடையாளத்தை வைத்திருக்கிறது. ஒரு சொல் முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் மாற்றும். இடைவெளி விசையோ, Enter விசையோ, ஒரு நிறுத்தக்குறியோ தட்டப்பட்டால் சொல் முடிந்தது என்று பொருள். அந்தக் கணத்தில் இரண்டு வகைச் சோதனைகள் நடக்கின்றன. தட்டிய சொல் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. பெரிய எழுத்து, சிறிய எழுத்து பற்றிய விதிகளுக்கு அது உட்படுகிறதா என்று பார்ப்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் a என்பதும் A என்பதும் ஒரே எழுத்தின் இரு வடிவங்கள். ஒன்றை மற்றதாக மாற்றினால் பொருள் கெடாது. தோற்றம் மட்டுமே மாறும். விதிகளை எழுதியவர்கள் இந்த நம்பிக்கையில்தான் எழுதினார்கள்.

பாமினியில் பெரிய எழுத்து என்றால் என்ன?

பாமினி ஒருங்குறிக்கு முந்திய வகை எழுத்துரு. அதில் கணினி சேமித்து வைப்பது தமிழ் எழுத்தை அல்ல. ஆங்கில எழுத்தின் குறியெண்ணையே. எழுத்துருக் கோப்பு அந்த எண்ணுக்குரிய இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுகிறது. தமிழ்த் தட்டெழுத்துப் பொறியின் விசை ஒழுங்கைத் தழுவியதால் k தட்டினால் ‘ம’, f தட்டினால் ‘க’, r தட்டினால் ‘ச’, j தட்டினால் ‘த’, g தட்டினால் ‘ப’ தெரியும். ‘தமிழ்’ என்ற சொல்லைக் கணினி `jkpo;` என்று வைத்திருக்கும்.

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. அவற்றின் பெரிய வடிவங்களையும் சேர்த்தால் 52. தமிழ் வடிவங்களுக்கு இத்தனை இடமும் தேவைப்பட்டதால், பெரிய எழுத்துகளின் இடங்களில் பாமினி வேறு தமிழ் எழுத்துகளை வைத்தது. மெய்களுக்குரிய பல விசைகளில், Shift சேர்த்தால் உகரம் ஏறிய வடிவம் கிடைக்கும்: k ‘ம’ என்றால் K ‘மு’, f ‘க’ என்றால் F ‘கு’, g ‘ப’ என்றால் G ‘பு’, r ‘ச’ என்றால் R ‘சு’, u ‘ர’ என்றால் U ‘ரு’. உயிரெழுத்துகளில் Shift நெடிலைத் தரும்: m ‘அ’, M ‘ஆ’, v ‘எ’, V ‘ஏ’.

பிழையின் வேர் இதுதான். ஆங்கிலத்தில் தோற்றத்தை மட்டும் மாற்றும் ஒரு செயல், பாமினியில் குறிலை நெடிலாக்குகிறது, அகரத்தை உகரமாக்குகிறது. உரை எந்த எழுத்துருவில் தெரிகிறது என்பதை ஆட்டோகரெக்ட் பொருட்படுத்துவதில்லை. குறியெண்களை மட்டும் பார்ப்பதால், அதன் கணக்கில் ‘மட்டக்களப்பு’ என்பது `kl;lf;fsg;G` என்ற ஆங்கில எழுத்து வரிசைதான்.

ஒரு கடிதத்தில் நான்கு பிழைகள்

மாவட்ட அலுவலகம் ஒன்றுக்கு பாமினியில் எழுதப்படும் ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘மட்டக்களப்பு’ என்பது அதன் முதற்சொல். தட்டுபவர் k, l என்ற இரண்டு விசைகளைத் தட்டியபின் ‘ட்’ என்பதற்கான புள்ளியைத் தட்டுகிறார். பாமினியில் புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில். தமிழ் வாசகருக்குச் சொல் இன்னும் பாதியில் நிற்கிறது. கணினிக்கோ நிறுத்தக்குறி வந்துவிட்டது. ஆகவே `kl` என்ற இரண்டெழுத்துச் சொல் முடிந்துவிட்டது. வாக்கியத்தின் முதல் எழுத்து பெரியதாக இருக்க வேண்டும் என்ற விதிப்படி k என்பது K ஆகிறது.

```
kl;lf;fsg;G   மட்டக்களப்பு
Kl;lf;fsg;G   முட்டக்களப்பு
```

இதே விதியால் வாக்கியத் தொடக்கத்தில் ‘கல்லடி’ ‘குல்லடி’ ஆகும்; ‘அரசு’ ‘ஆரசு’ ஆகும்; ‘எமது’ ‘ஏமது’ ஆகும். ‘காத்தான்குடி’யின் முதல் எழுத்து ‘கு’ ஆனபின் அதன் அருகில் ஒரு துணைக்கால் தனியே நிற்கும். அது தமிழே அல்ல என்பதால் உடனே கண்ணில் படும். ‘ஆரசு’ போன்றவையும் ஒரு முறை வாசித்தால் பிடிபடும்.

இரண்டாவது பிழை பெயருக்கு முன் வருகிறது. ‘திரு. சதா’ என்று தட்டும்போது ‘திரு’வுக்குப் பின் ஒரு முற்றுப்புள்ளியும் இடைவெளியும் வருகின்றன. கணினி அதை வாக்கிய முடிவு என்று கொள்கிறது. அடுத்த சொல்லான `rjh` என்பதன் முதல் எழுத்து பெரிதாகி `Rjh` ஆகிறது. கடிதத்தில் ‘திரு. சுதா’ என்று வருகிறது. ‘சதா’வும் பெயர், ‘சுதா’வும் பெயர் என்பதால் மெய்ப்புப் பார்ப்பவரின் கண்ணுக்கு இது தப்பிவிடும். ‘பவன்’ ‘புவன்’ ஆவதும் இப்படித்தான். ஊர்ப்பெயர்ப் பிழையைவிட இந்த ஆட்பெயர்ப் பிழை கெடுதலானது. ‘முட்டக்களப்பு’ என்று ஓர் ஊர் இல்லை என்பதை யாரும் அறிவர். ‘சுதா’ என்று ஒருவர் இல்லை என்பதைப் பட்டியலை அறிந்தவர் மட்டுமே சொல்ல முடியும்.

பெயர்ப் பட்டியலை அட்டவணையாகத் தட்டும்போது இந்தப் பிழை பெருகுகிறது. அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் தனி விதி ஒன்று வேர்ட்டில் உண்டு. நிவாரணப் பட்டியலோ மாணவர் வரவுப் பட்டியலோ, ஒவ்வொரு வரியும் புதிய கட்டம். ஒவ்வொரு பெயரும் அந்த விதியின் முன் நிற்கிறது.

மூன்றாவது பிழை இதற்கு நேர் எதிரானது. ஆங்கிலத்தில் Shift விசையிலிருந்து விரலைத் தாமதமாக எடுத்தால் ‘THe’ என்று விழும். அதைச் சரிசெய்ய, ஒரு சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் பெரியனவாகவும் அடுத்தது சிறியதாகவும் இருந்தால் இரண்டாவதைச் சிறிதாக்கும் விதி இருக்கிறது. மட்டக்களப்புக்குத் தெற்கே வாவிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஊர் குருக்கள்மடம். பாமினியில் ‘குரு’ என்பது F, U என்ற இரண்டு பெரிய எழுத்துகள். அடுத்து வரும் ‘க’ சிறிய f. விதி அப்படியே பொருந்துகிறது.

```
FUf;fs;klk;   குருக்கள்மடம்
Fuf;fs;klk;   குரக்கள்மடம்
```

‘முருகன்’ ‘முரகன்’ ஆவதும் இதனாலேயே. இது வாக்கியத்தின் நடுவிலும் நிகழும். ஆகவே சொல் எங்கே நின்றாலும் தப்பாது.

நான்காவது பிழை பட்டியலிலிருந்து வருவது. கடிதத்தின் இறுதியில் கோரிக்கைகளை (அ), (ஆ), (இ), (ஈ), (உ) என்று வரிசைப்படுத்துவது வழக்கம். பாமினியில் ‘உ’ என்பது c விசை. ஆகவே ஐந்தாவது கோரிக்கையைத் தட்டும்போது கணினி காண்பது `(c)`. வேர்ட்டின் ஆங்கிலப் பட்டியலில் இந்த மூன்று குறிகளுக்கும் பதிலாகப் பதிப்புரிமைக் குறி போட வேண்டும் என்று இருக்கிறது. அடைப்புக்குள் இருந்த ‘உ’ மறைந்து, அந்தக் குறியோ அதன் இடத்தில் எழுத்துரு வைத்திருக்கும் வேறு வடிவமோ தோன்றும். ‘ச’ என்பதற்கான `(r)`, ‘ந’ என்பதற்கான `(e)` ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளன.

எந்த விதி மாற்றியது என்று அறிவது

பிழையின் வடிவமே அதன் காரணத்தைச் சொல்லிவிடும். வாக்கியத்தின் முதல் எழுத்தோ முற்றுப்புள்ளிக்கு அடுத்த எழுத்தோ உகரம் ஏறியோ நெடிலாகியோ இருந்தால், அது வாக்கியத் தொடக்க விதி. அட்டவணையில் மட்டும் அப்படி நேர்ந்தால் அது கட்ட விதி. சொல்லின் இரண்டாவது எழுத்து உகரத்தை இழந்திருந்தால் அது இரட்டைப் பெரிய எழுத்து விதி. அடைப்புக்குறி முழுவதும் வேறு குறியாகியிருந்தால் அது பட்டியல்.

இவற்றில் எதிலும் அடங்காமல், சொல்லின் நடுத்துண்டு வேறு எழுத்துகளாக மாறியிருந்தால் `Automatically use suggestions from the spelling checker` என்ற தெரிவைப் பார்க்க வேண்டும். அது இயங்கும்போது, பட்டியலில் இல்லாத சொல்லையும் எழுத்துப்பிழை சோதிப்பானின் ஆலோசனைப்படி வேர்ட் மாற்றும். பட்டியலில் எவ்வளவு தேடினாலும் அந்த மாற்றம் அகப்படாது.

மாற்றம் நடந்த உடனேயே Ctrl+Z தட்டுவது இன்னொரு சோதனை. தட்டிய எழுத்து போகாமல் பழைய வடிவம் மட்டும் திரும்பி வந்தால், மாற்றியது ஆட்டோகரெக்ட்தான். மாறிய சொல்லின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் அதன் கீழே சிறு நீலக் கோடு தோன்றும். அதன் மேல் சுட்டியை வைத்தால் ஒரு பொத்தான் வரும். மாற்றத்தை நீக்கவும், அந்த விதியை முழுதாக நிறுத்தவும், திருத்தப் பட்டியலைத் திறக்கவும் அதிலேயே வழி உண்டு.

விதிகளை நிறுத்துவது

வேர்ட்டில் `File`, `Options`, `Proofing` என்று சென்று `AutoCorrect Options` என்ற பொத்தானை அழுத்த வேண்டும். மின்னஞ்சல் எழுதும் சாளரத்தில் இதே தொல்லை என்றால், கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் பழைய அவுட்லுக்கில் `File`, `Options`, `Mail`, `Spelling and Autocorrect` என்ற வழியில் அதே பெட்டிக்குப் போகலாம். பெட்டி திறந்ததும் முதலில் அதன் தலைப்பைப் படிக்க வேண்டும். எந்த மொழிக்குரிய பட்டியல் திறந்திருக்கிறது என்று அங்கே எழுதியிருக்கும். அமெரிக்க ஆங்கிலத்துக்கு ஒரு பட்டியல், பிரித்தானிய ஆங்கிலத்துக்கு வேறொன்று. ஒன்றில் நீக்கிய பதிவு மற்றதில் அப்படியே இருக்கும். ‘நீக்கினேன், மறுபடியும் வருகிறது’ என்ற முறைப்பாட்டுக்கு இது ஒரு காரணம்.

பாமினியில் தட்டுபவர் அந்தப் பெட்டியில் மூன்று அடையாளங்களை எடுத்துவிட வேண்டும்: `Correct TWo INitial CApitals`, `Capitalize first letter of sentences`, `Capitalize first letter of table cells`. எழுத்துப்பிழை சோதிப்பானின் ஆலோசனையைப் பயன்படுத்தும் தெரிவையும் எடுத்துவிடுவது நல்லது. அதே கணினியில் ஆங்கிலக் கடிதமும் தட்டுபவர், வாக்கியத் தொடக்கத்தில் Shift விசையைத் தாமே அழுத்த வேண்டியிருக்கும். அந்தச் சிறு வேலை, ஒவ்வொரு தமிழ்ப் பக்கத்தையும் மெய்ப்புப் பார்ப்பதைவிட இலகுவானது.

ஆங்கிலக் கடிதங்களே மிகுதி என்பதால் விதிகளை நிறுத்த முடியாத இடத்தில், `Exceptions` என்ற விலக்குப் பட்டியல் உதவும். அதன் முதல் தாளில் முற்றுப்புள்ளியோடு முடியும் சுருக்கங்களைச் சேர்க்கலாம். `jpU.` என்று சேர்த்தால் ‘திரு.’வுக்கு அடுத்த பெயர் மாறாது. ‘திருமதி.’க்கு `jpUkjp.` என்று தனியே சேர்க்க வேண்டும். இரண்டாவது தாள் இரட்டைப் பெரிய எழுத்துகளுக்கானது. கிராம உத்தியோகத்தரை ஆங்கிலத்தில் GN என்று சுருக்குவது வழக்கம். பன்மையில் `GNs` என்று தட்டினால் இரட்டை எழுத்து விதி அதை `Gns` ஆக்கிவிடும். இந்தத் தாளில் `GNs` என்று ஒரு முறை சேர்த்தால் போதும். ஆனால் பாமினிச் சொற்களை இங்கே ஒவ்வொன்றாகச் சேர்த்து முடியாது. உகரம் ஏறிய இரண்டு எழுத்துகள் தொடக்கத்தில் அடுத்தடுத்து வரும் தமிழ்ச் சொற்கள் ஏராளம். ஆகவே விலக்குப் பட்டியல் ஆங்கிலச் சுருக்கங்களுக்கும் சில அடைமொழிகளுக்கும் மட்டுமே பயன்படும்.

பட்டியலைத் திருத்துவது

பெட்டியின் கீழ்ப்பகுதியில் இரண்டு நிரல்கள் உள்ளன. `Replace` என்பதன் கீழ் தட்டப்படும் வடிவம். `With` என்பதன் கீழ் அதற்குப் பதிலாக வரும் வடிவம். `(c)` என்று தட்டியதும் பட்டியல் அந்தப் பதிவுக்கு நகரும். அதைத் தேர்ந்து `Delete` அழுத்தினால் ‘(உ)’ காப்பாற்றப்படும். `(r)`, `(e)` ஆகியவற்றையும் அப்படியே நீக்கலாம். `Replace text as you type` என்ற அடையாளத்தை எடுத்தால் பட்டியல் முழுவதும் ஓய்ந்துவிடும். ஆனால் சொந்தமாகச் சேர்த்த பதிவுகளும் அதனோடு ஓய்ந்துவிடும். ஆகவே தொல்லை தரும் பதிவுகளை மட்டும் நீக்குவது சிறந்தது.

சேர்ப்பதும் அங்கேதான். ஒருங்குறித் தமிழில் எழுதுபவர் ‘மமாசெ’ என்று தட்டினால் ‘மாவட்டச் செயலகம், மட்டக்களப்பு’ என்று விரியும்படி ஒரு பதிவைச் சேர்க்கலாம். வடிவூட்டல் இல்லாத பதிவு 255 குறிகள்வரை நீளலாம். குறுக்க வடிவம் உண்மையான சொல்லாக இருக்கக் கூடாது என்பதே இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று. ‘வாவி’ என்பதைக் குறுக்கமாக வைத்தால், அந்தச் சொல் இயல்பாக வரும் ஒவ்வோர் இடத்திலும் விரிவு வந்து விழும்.

இந்தப் பட்டியல் ஆவணத்தில் சேமிக்கப்படுவதில்லை. அது அந்தக் கணினியில், அந்தப் பயனரின் கணக்கில் இருக்கிறது. விண்டோஸில் `%AppData%\Microsoft\Office` என்ற கோப்புறையில் அமெரிக்க ஆங்கிலத்துக்கு `MSO1033.acl`, பிரித்தானிய ஆங்கிலத்துக்கு `MSO2057.acl` என்ற கோப்புகளாக அது நிற்கும். வேர்ட், எக்செல், பவர்பொயின்ட், அவுட்லுக் ஆகியவை அதைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு கணினியில் சரியாக வேலை செய்த தட்டெழுத்தாளர் அடுத்த மேசைக்கு மாறியதும் பழைய பிழைகள் திரும்புவது இதனால்தான். இந்தச் செயலிகள் எல்லாவற்றையும் மூடிவிட்டு அந்தக் கோப்பைப் பிரதி எடுத்து மற்றக் கணினியில் வைத்தால் பட்டியல் இடம் மாறும். பெரிய எழுத்து அடையாளங்களை மட்டும் அங்கே மறுபடியும் எடுத்துவிட வேண்டும்.

லிப்ரேஆஃபிஸில் `Tools` பட்டியின் கீழ் `AutoCorrect Options` உண்டு. `Replace`, `Exceptions`, `Options` என்ற மூன்று தாள்களில் இதே வேலைகள் நடக்கும். மொழியைத் தேர்ந்தெடுக்க மேலே ஒரு பெட்டி இருக்கும். அதன் பட்டியல்கள் `acor_en-US.dat` போன்ற பெயருள்ள கோப்புகளில் உள்ளன. அவை உண்மையில் சிப் வகைச் சுருக்கக் கோப்புகள். உள்ளே ஒவ்வொரு பதிவும் இப்படி இருக்கும்:

```
<block-list:block
  block-list:abbreviated-name="teh"
  block-list:name="the"/>
```

எங்கே முடிகிறது இந்தத் தொல்லை?

விதிகளை நிறுத்துவது இனித் தட்டப்போகும் எழுத்தை மட்டுமே காக்கும். ஏற்கெனவே மாறிப்போன எழுத்து தானாகத் திரும்பாது. பழைய பாமினி ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றும் மாற்றிகளும் இதில் உதவுவதில்லை. மாற்றி K என்பதை நேர்மையாக ‘மு’ என்று மாற்றும். ஆகவே ‘முட்டக்களப்பு’ ஒருங்குறியிலும் ‘முட்டக்களப்பு’ ஆகவே வந்து சேரும். பழைய பட்டியல்களை மாற்றுபவர் வாக்கியத் தொடக்கம், ‘திரு.’வுக்குப் பின், அட்டவணைக் கட்டங்களின் முதல் எழுத்து ஆகிய மூன்று இடங்களையும் மூலப் பிரதியோடு ஒப்பிட வேண்டும். பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒருங்குறியில் தமிழுக்கு U+0B80 முதல் U+0BFF வரை தனி இடம் இருக்கிறது. அங்கே ‘ம’வும் ‘மு’வும் ஓர் எழுத்தின் சிறிய, பெரிய வடிவங்கள் அல்ல; தமிழில் அப்படி ஒரு வேறுபாடே இல்லை. ஆகவே பெரிய எழுத்து விதிகள் இயங்கிக்கொண்டிருந்தாலும் தமிழில் மாற்ற அவற்றுக்கு ஒன்றும் இல்லை. புள்ளியும் நிறுத்தக்குறி அல்ல, எழுத்தின் பகுதி. சொல் நடுவில் முறியாது. பாமினி விசை ஒழுங்கில் பழகிய விரல்களும் புதிதாகப் பழக வேண்டியதில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற கருவிகள் அதே விசைகளை ஏற்று ஒருங்குறி எழுத்தைத் தருகின்றன. k தட்டினால் ‘ம’தான் வரும், கணினி சேமிப்பதும் ‘ம’வையே. அப்போது ஆட்டோகரெக்ட்டில் எஞ்சுவது திருத்தப் பட்டியல் ஒன்றே. அதில் என்ன இருக்க வேண்டும் என்பது எழுதுபவரின் கையில் இருக்கிறது.